உறவுமுறை கேட்ட கட்டம்

அந்த வாரம் முழுக்க நான் பயந்துகொண்டிருந்தது என் வலது கட்டைவிரலைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றியாவது பயந்திருந்தால் கொஞ்சம் பிரயோசனம் இருந்திருக்கும்.

எனக்கு டயர் கடையில் வேலை. புந்தோங்கில் வீடு, ஈப்போ டவுனுக்குப் போகிற ரோட்டில் கடை. இளவயதிலிருந்து டயர் கழற்றி மாட்டுகிற கைக்கு ரேகை என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது. ஒருமுறை அடையாள அட்டை புதுப்பிக்கப் போனபோது, அங்கிருந்த அதிகாரி என் விரலை விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிறவர்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார். அன்றிலிருந்து கட்டைவிரலை வைக்கச் சொல்லும் அந்தச் சின்னக் கருவியைக் கண்டாலே என் கை தானாகக் காற்சட்டைப் பைக்குள் போய்விடும். வங்கியிலும் அந்தக் கருவி உண்டு.

வங்கிக்குப் போக வேண்டி வந்தது குட்டியால். குட்டி என் மனைவியின் மகள். வயது பதினைந்து. 'என் மகள்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் விஷயமே அந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டது என்பதால் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

அவளுடைய அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே லோரி விபத்தில் போய்விட்டார். சில வருஷம் கழித்து நான் அந்த வீட்டுக்குள் வந்தேன். அப்போது குட்டிக்குப் பதினொரு வயது. முன்னறையில் அவர் படம் மாலையோடு இருக்கிறது, நான் வருவதற்கு முன்பிருந்தே. நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல மீசை. அந்தப் படத்துக்கு மேலே இருக்கும் சின்ன பல்பு ஃபியூஸ் ஆனால் மாற்றுவது நான்தான். எங்களுக்குள் ஒரு தகராறும் கிடையாது.

தகராறு எல்லாம் உயிரோடு இருப்பவர்களால்தான். எங்களுக்குக் கல்யாணம் முடிந்த அன்றைக்கே சொந்தக்காரர்கள் ஒரு வட்டமாக உட்கார்ந்து, குட்டி என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"சித்தப்பான்னு கூப்பிடட்டும். அதானே முறை?" என்றார் என் மனைவியின் அக்கா.

"அது எப்படி? இவரு செத்துப் போனவர விட வயசுல மூத்தவருலா. பெரியப்பான்னுல வரணும்?" என்றார் அவர் கணவர்.

"பெரியப்பான்னா பெத்த அம்மா பெரியம்மா ஆயிடுவாளே!"

"அதெல்லாம் வேணாம்லா. அங்கிள்னு கூப்பிடட்டும், மொடனா இருக்கும்."

அங்கிள் என்றால் எங்கள் தெருவில் மீன் விற்கிறவரும் அங்கிள்தான், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரும் அங்கிள்தான். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் மாப்பிள்ளை வாயைத் திறக்கிற நாளா அது? சும்மா இருந்தேன். பதினொரு வயதுப் பிள்ளை வடையைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்து, இவர்கள் யாருடைய பேச்சையும் எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தாள் போலிருக்கிறது. அதிலிருந்து என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இதைச் சொன்னால் பலருக்குப் புரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு மனிதரை எந்த வார்த்தையும் சொல்லாமல் வருஷக்கணக்காகச் சமாளிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்குத் தனித் திறமை வேண்டும். சாப்பிட வரச் சொல்ல வேண்டும் என்றால் "சாப்பாடு வச்சாச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவசரம் என்றால் "இங்க பாருங்க." மிகவும் அவசரம் என்றால் "அம்மா, அவங்கள வரச் சொல்லுங்க", அவங்க பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலும். மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டால் முதுகில் ஒரு தட்டு. போலாம் என்று அர்த்தம். கைப்பேசியில் வரும் செய்தியோ தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் இருக்கும்: "மழை. கேட் பக்கம் நிக்கிறேன்." மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கூப்பிட ஒரு பெயர் இல்லை.

எனக்கு அது வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வெளியே சொல்லவில்லை. அப்பா என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார், படத்தில். அதை நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் அவளுக்கு நான் யார் என்று ஒரு தடவையாவது அவள் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது.

சரி, வங்கி. குட்டி மருதாணி போடுவாள். போடுவாள் என்றால் சும்மா இல்லை. கோன் பிடித்தாள் என்றால் கல்யாணப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். லிட்டில் இந்தியாவில் அழகு நிலையம் வைத்திருக்கும் ஓர் அக்கா அவள் வேலையைப் பார்த்துவிட்டு, தீபாவளி சீசனுக்கு வந்து உதவி செய், பணத்தை உன் பேரிலேயே பேங்கில் போட்டுவிடுகிறேன், என்றார். குட்டிக்கு வங்கிக் கணக்கு கிடையாது. அதுவரை அவள் சம்பாத்தியமெல்லாம் ஒரு மைலோ டின்னில் இருந்தது.

என் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறாள். வங்கி திறந்திருக்கும்போது அவள் வேலையில் இருப்பாள், இல்லாவிட்டால் தூக்கத்தில் இருப்பாள். ஒரு நாள் சாயந்திரம் குட்டி என் முன்னால் வந்து நின்றாள்.

"ஸ்கூல் லீவு விட்டாச்சு. பேங்குக்குப் போகணும். பெரியவங்க யாராச்சும் கூட வரணுமாம்" என்றாள், என் சட்டைப் பொத்தானிடம்.

அவளாக என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. நான் தௌக்கேயிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்டார் முதலாளி. "மக அக்கவுண்டு தொறக்கப் போறோம்" என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் சத்தமாகவே இருந்திருக்கும் போல, அந்தப் பக்கம் வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரம்தான் கட்டைவிரல் வாரம். இரவு தேங்காய் எண்ணெய், காலையில் வெதுவெதுப்பான தண்ணீர். கடையில் அந்த ஒரு விரலை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற விரல்களால் டயரைக் கழற்றினேன். "உங்க வெரல யாராச்சும் பொண்ணு பாக்க வராங்களா?" என்று கேட்டு என் மனைவி சிரித்தாள்.

ஆதாரம் என்று ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று ஒரு பெரிய பிளாஸ்டிக் பை நிறைய எடுத்துக்கொண்டேன். என் அடையாள அட்டை, அவள் அடையாள அட்டை, அவள் பிறப்புப் பத்திரம், எங்கள் கல்யாணப் பதிவுப் பத்திரம், கரண்டு பில்லு. அதோடு நான் வந்ததிலிருந்து அவள் வாங்கிய ரிப்போர்ட் கார்டுகள் எல்லாம். ரிப்போர்ட் கார்டு எதற்கு என்றால், ஒவ்வொன்றிலும் 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் ஒரு நாளும் என்னை மறுத்ததில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடமே ஒத்துக்கொண்ட ஆளை வங்கி என்ன செய்துவிடும் என்பது என் கணக்கு.

வங்கியில் வாசல் பக்கமிருந்த பெண் ஓர் எண் சீட்டும் பாரமும் கொடுத்தாள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பாரம், மலாயிலும் ஆங்கிலத்திலும். உட்கார்ந்து நிரப்பச் சொன்னாள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்து, முதல் கட்டத்திலேயே தவறு செய்தேன். 'கணக்கு யார் பேரில்' என்று கேட்ட இடத்தில் என் பேரை எழுதிவிட்டேன். பாரம் என்றாலே முதலில் நம் பேர்தானே என்று கை போய்விட்டது.

"அது என் பேரு எழுதுற எடம்" என்றாள் குட்டி, மெதுவாக.

பிறகு அவள் படித்துச் சொல்ல, நான் எழுதினேன். பிள்ளையின் முழுப்பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி. எண். முகவரி. படிக்கும் பள்ளி. அதற்குப் பிறகு பெரியவரைப் பற்றி. வேலை என்ன, முதலாளி யார், முதலாளி செய்யும் தொழில் என்ன, மாத வருமானம் எந்த வரம்புக்குள். கணக்கு எதற்காகத் திறக்கிறீர்கள் என்றது பாரம், சேமிப்பு. பணம் எங்கிருந்து வருகிறது என்றது. சம்பளம், வியாபாரம், வாரிசுச் சொத்து, அன்பளிப்பு என்று வரிசையாக இருந்தது. மருதாணி என்று ஒன்றும் இல்லை. 'மற்றவை' என்பதில் அடையாளம் போட்டுப் பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

அடுத்து, நீங்கள் அமெரிக்காவைச் சேர்ந்தவரா, வேறு நாட்டில் வரி கட்டுகிறவரா என்று கேட்டது.

"என்னா கேக்குறான்?" என்றேன்.

"நீங்க அமெரிக்காக்காரரான்னு."

"மூஞ்சியப் பாத்தா தெரியலையா?"

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில். அந்த எஸ்டேட்டே இப்போது செம்பனைத் தோட்டமாகிப் பாதியில் வீடமைப்புத் திட்டமும் வந்துவிட்டது. ஈப்போவிலேயே எனக்கு வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லை. இல்லை என்று அடித்தோம். அதற்கும் அடுத்து, நீங்கள் உயர்ந்த அரசியல் பதவி வகிப்பவரா, அப்படிப்பட்டவருக்கு நெருங்கியவரா என்றது. கோயில் திருவிழாவில் ஒரு யாங் பெர்ஹோர்மாட்டுக்கு, எங்கள் தொகுதி எம்.பி.க்கு, மாலை போட்டிருக்கிறேன். போடும்போது அவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். அது நெருக்கத்தில் சேருமா என்று குட்டியிடம் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சிரித்தது எனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாள். தோள் குலுங்கியது தெரிந்தது.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. பிள்ளைக்கும் உங்களுக்கும் என்ன உறவுமுறை? தந்தை, தாய், சட்டபூர்வக் காப்பாளர். மூன்று சின்னச் சதுரங்கள். அதுவரை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தவள் இதைப் படிக்கவில்லை. பேனா முனையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ரிப்போர்ட் கார்டுகளை நினைத்துக்கொண்டேன். 'தந்தை' என்ற சதுரத்தில் அடையாளம் போட்டேன். அவள் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். திரையில் ஒன்றும் இல்லை, அணைந்துதான் இருந்தது.

எங்கள் எண் வந்தது. மேசைக்குப் பின்னால் தலையில் துடோங் போட்ட ஒரு மலாய்க்காரப் பெண், வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது, என்னை 'என்சிக்' என்றாள், ஐயா என்று அர்த்தம். பாரத்தின் முதல் கட்டத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தலைவலி. நான் என் பேரைக் கிறுக்கி அடித்து, மேலே குட்டியின் பேரை எழுதியிருந்தேன்.

"என்சிக், இப்படிக் கிறுக்கக் கூடாது. வெள்ளை மையும் பூசக் கூடாது. தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு. பக்கத்துல கையெழுத்து. அப்பத்தான் நீங்களே மாத்தினதுன்னு எங்களுக்குத் தெரியும்."

நான் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். குட்டி கவனமாகப் பார்த்தாள்.

அடுத்து, என் அடையாள அட்டையைக் கருவியில் செருகிவிட்டு அதிகாரி சொன்னாள், "கட்டைவிரல் வைங்க."

வைத்தேன். சிவப்பு. மறுபடி. சிவப்பு. இடது விரல். அதற்கும் சிவப்பு. ஈரத் தாள் கொடுத்தாள், துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஒரு சீன அம்மா எழுந்து வந்து, விரலை மூக்கில் தேய்க்கச் சொன்னார். மூக்கு எண்ணெய் பட்டால் பிடித்துக்கொள்ளுமாம். தேய்த்தேன். காவலாளி, தலைமுடியில் தேய்த்தால் இன்னும் நல்லது என்றார். எனக்குத் தலைமுடியில் அவ்வளவு வசதி கிடையாது. இருந்ததில் தேய்த்தேன். வங்கி முழுக்க என் விரலைப் பற்றிப் பேச்சாகிவிட்டது. எண்ணெய் போட்டு வளர்த்த விரல் என்னை இப்படிக் கைவிடும் என்று நான் நினைக்கவில்லை. கருவியைத் தூக்கிக் கொண்டுபோய் ஒரு டயருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்று கோபம் வந்தது.

குட்டிதான் எழுந்தாள். பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். மருதாணி உதிர்ந்த பிறகு கையில் தடவுகிற எண்ணெயாம். "கையக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். கல்யாணப் பெண்களின் கையைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தாள், மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கை, விரலைச் சுற்றி ஒரு கை. ஒரு சொட்டு விட்டு நீவினாள். மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தாள். பிறகு அவளே என் விரலைக் கருவியில் வைத்து, நகத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் வந்த இத்தனை காலத்தில் அந்தப் பிள்ளை என் கையைத் தொட்டதில்லை.

பச்சை.

சீன அம்மா கைதட்டினார். காவலாளி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார், அந்த நேரத்தில் எனக்கு அது கொஞ்சம் கிண்டல் மாதிரி பட்டது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். இனி என்ன, எல்லாம் முடிந்தது.

அதிகாரி பிறப்புப் பத்திரத்தை எடுத்தாள். என் அடையாள அட்டையைப் பார்த்தாள். மறுபடி பத்திரத்தைப் பார்த்தாள். பிறகு, பத்திரத்தில் தந்தை என்ற இடத்தில் இருந்த பேரை, படத்தில் இருப்பவரின் பேரை, சத்தமாகப் படித்தாள்.

"இது நீங்க இல்லையே, என்சிக்?"

"இல்ல. அவரு தவறிட்டாரு. நான் இவ அம்மாவோட வீட்டுக்காரர்."

கல்யாணப் பத்திரத்தை நீட்டினேன். பிறகு ரிப்போர்ட் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் பரப்பினேன். மீன் கடை மாதிரி ஆகிவிட்டது மேசை. "பாருங்க, ஒவ்வொண்ணுலயும் நான்தான். காப்பாளர்னு போட்டிருக்கு பாருங்க."

அவள் சிரிக்கவில்லை, நல்ல பெண். ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தாள். "கணக்குல நல்ல மார்க்கு" என்றுகூடச் சொன்னாள். பிறகு விளக்கினாள். கல்யாணப் பத்திரம் அம்மாவுக்கு நான் யார் என்பதைத்தான் சொல்கிறது, பிள்ளைக்கு நான் யார் என்பதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் காப்பாளர் என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர். இங்கே காப்பாளர் என்றால் கோர்ட்டு நியமித்தவர், இல்லாவிட்டால் தத்தெடுத்த பத்திரம் உள்ளவர். காரணம், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரை கணக்கைப் பொறுப்பாகப் பார்ப்பதும், பணம் எடுக்கக் கையெழுத்துப் போடுவதும் அந்தப் பெரியவர்தான். அது யாரோ ஒருவராக இருக்க முடியாது.

"யாரோ ஒருத்தர்" என்று அவள் என்னைச் சொல்லவில்லை. பொதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அங்கேதான் பட்டது.

"அம்மா வந்தா போதும். ரொம்ப சுலபம்" என்றாள். பாரத்தின் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்து, 'ரத்து' என்று எழுதினாள். அமெரிக்காக்காரன் இல்லை, அரசியல்வாதி இல்லை, தந்தையும் இல்லை. எல்லாம் ஒரே கோட்டில் போனது.

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். பேசினால் வங்கியைத் திட்டுவேன், இல்லாவிட்டால் விரலைத் திட்டுவேன். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த ரிப்போட் கார்டு எல்லாம் எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

"ஆதாரம்னு நெனச்சேன்."

பிறகு, "எல்லாத்துலயும் உங்க கையெழுத்து வேற வேற மாதிரி இருக்கு" என்றாள். "நான் ஃபார்ம் டூ படிக்கிறப்ப போட்டதுதான் நல்லாருக்கு."

பச்சை விழுந்ததும் பின்னால் இருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துத்தான் நான் நகர்ந்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் என் மனைவி முதலில் சிரித்தாள். மூக்கில் விரல் தேய்த்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தந்தை என்ற சதுரத்தில் அடையாளம் போட்டதைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டாள். "என்னாங்க, அவ ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

"போனப் பாத்துக்கிட்டு இருந்தா."

"வேணாம்னு இருந்தா சொல்லியிருப்பா. அவளுக்கு வாய் இல்லையா என்ன?"

"வேணும்னு இருந்தாலும் சொல்லியிருப்பால்ல" என்றேன்.

இரவு ஷிப்டு முடித்த ஒரு காலையில் மூவரும் போனோம். என் மனைவி தொழிற்சாலையிலிருந்து அவள் ஸ்கூட்டரிலேயே நேராக வந்துவிட்டாள். நான் போக வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் டவுனில் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனேன். கணக்கில் போட மைலோ டின்னைக் குட்டி எடுத்து வந்திருந்தாள்; இந்தத் தடவை பாரத்தையும் அவளே நிரப்பினாள். நான் பின்வரிசை நாற்காலியில், சுவரிலிருந்த வீட்டுக் கடன் விளம்பரத்தைப் படித்தபடி உட்கார்ந்திருந்தேன். அதே அதிகாரி. என் மனைவி கட்டைவிரல் வைத்ததும் உடனே பச்சை. கையுறை செய்கிறவர்களுக்குக் கை பத்திரமாக இருக்கிறது, என்ன செய்ய?

பன்னிரண்டு வயது தாண்டியவர்கள் தாங்களும் மாதிரிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் அதிகாரி. அதற்குக் குட்டி தயாராகத்தான் வந்திருந்தாள். அந்த வாரம் முழுக்கப் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் எல்லாம் கையெழுத்துதான். மருதாணிக் கொடி மாதிரி சுருண்டு போகும், கடைசியில் ஓர் இலை. இலை வேண்டாம், எப்போதும் ஒரே மாதிரி வராது, பிறகு பணம் எடுக்க முடியாது, என்று அதிகாரி சொன்னாள். மனமில்லாமல் குட்டி இலையை விட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கை காட்டினாள். "என்சிக், இங்க வாங்க."

மறுபடி விரலா என்று பயந்துகொண்டே போனேன்.

"அவசரத்துக்குக் கூப்பிட ஓர் ஆள் பேரு வேணும், அம்மா இல்லாம இன்னொருத்தர். உங்க பொண்ணு உங்களப் போட்டிருக்கா. நம்பர் சரியான்னு பாருங்க."

என் பேர், அடையாள அட்டையில் இருக்கிறபடி, ஓர் எழுத்து பிசகாமல். கீழே என் கைப்பேசி எண். சரியாக இருந்தது.

"நம்பர எங்க பாத்து எழுதுன?" என்று கேட்டாள் என் மனைவி.

"எங்கயும் பாக்கல. தெரியும்" என்றாள் குட்டி.

"எனக்கே தெரியாதுலா! நான் பேர அமுக்கித்தான் கூப்பிடுவேன்."

எண்ணுக்கு அடுத்து இன்னொரு கட்டம் இருந்தது. உறவுமுறை. இங்கே சதுரங்கள் இல்லை, எழுதத்தான் வேண்டும். குட்டி ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை எழுதியிருந்தாள்: ஸ்டெப் ஃபாதர். சரிதான். பத்திரத்துக்கும் அதுதான் பொருந்தும், அதிகாரியும் அதைத்தான் ஒத்துக்கொள்வாள். ஆனால் அதில் முன்னால் இருந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு இருந்தது. கிறுக்கல் இல்லை, வெள்ளை மை இல்லை, நேரான ஒரே ஒரு கோடு. பக்கத்தில் அவளுடைய புதுக் கையெழுத்து, சுருள் சுருளாக. கடைசியில் ஓர் இலை. இந்த ஓர் இடத்தில் மட்டும் இலையைப் போட்டிருந்தாள்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். பிறப்புப் பத்திரம் அவள் கையில்தான் இருக்கிறது. போன தடவை தந்தை இல்லை என்று குறுக்கே கோடு போட்டவளே அவள்தான். அவள் அந்தத் திருத்தத்தைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கட்டத்துக்கு டாக்குமென் கேக்க மாட்டோம், என்சிக்" என்றாள்.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஏர்கோன் ரொம்பக் குளிராக இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மையும்தான். கண்ணில் தண்ணீர் வந்ததற்கும் அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டேன், யாரும் கேட்காமலே. சுருக்கமாகச் சொன்னால் அழுதேன். என் மனைவி என் கையில் மைலோ டின்னைத் திணித்தாள். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதிலிருந்த பணத்தை எண்ணிக் கணக்கில் போட்டு முடித்த பிறகும்.

வெளியே வந்ததும் என் மனைவி தூங்கப் போக வேண்டும் என்று ஸ்கூட்டரை எடுத்தாள். குட்டி எந்த வண்டியில் ஏறுவாள் என்று நான் கேட்கவில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, சாவியைப் போட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்றைக்காவது ஏதாவது சொல்லிக் கூப்பிடுவாளோ என்று காது மட்டும் பின்னாலேயே இருந்தது.

ஒன்றும் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.